படம் இல்லாத கல்
தீவகத்துக் கற்களை எழுத்தில் பதிவு செய்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பள்ளிக்கூட அலுமாரிகளிலும் கோயில் களஞ்சியங்களிலும் பழைய வீடுகளிலும் கற்கள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றுக்குப் பதிவேடு உண்டு. பதிவேட்டில் எண் இருக்கும், பெயர் இருக்கும், படம் ஒட்டுவதற்கு ஒரு கட்டமும் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். படம் எடுக்கப்படாமலே போயிருக்கலாம், அல்லது பசை காய்ந்து உதிர்ந்திருக்கலாம். அப்போது பக்கத்தில் உள்ள வரியை மட்டும் வைத்துக்கொண்டு, பெட்டியில் கிடக்கும் பத்துக் கற்களுள் அந்தக் கல் எது என்று ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா? இன்றைய உரையின் கேள்வி இதுதான்.

முடியும் என்பது என் பதில். ஒரு கல்லைப் பற்றி ஐந்து பண்புகளைச் சொல்லலாம்: நிறம், வன்மை, கீற்று, மினுக்கம், எடை. இவற்றுள் படம் தரக்கூடியவை நிறமும் மினுக்கமும் மட்டுமே. மனிதரை அதிகம் ஏமாற்றுகிற பண்புகளும் அவ்விரண்டுதான். எஞ்சிய மூன்றையும் எந்தப் படத்திலும் காணமுடியாது. அவற்றைக் கையால் செய்து பார்த்து எழுதித்தான் வைக்க வேண்டும். ஆகவே படம் இல்லை என்பது அவ்வளவு பெரிய இழப்பல்ல. அந்த மூன்றையும் எழுதாமல் விடுவதுதான் இழப்பு.

ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு முன்பே கனியவியல் வளர்ந்துவிட்டது. ஜெர்மனியின் ஆபிரகாம் வேர்னர் 1774இல் வெளியிட்ட நூல், கனியங்களைப் புறப்பண்புகளால் விவரிக்கும் முறையை வகுத்தது. பிரெட்ரிக் மோஸ் 1812இல் பத்துக் கனியங்களை ஒன்றையொன்று கீறும் வரிசையில் அடுக்கினார். ஒன்றாம் இடத்தில் டால்க், பத்தாம் இடத்தில் வைரம். இன்றும் உலகம் முழுதும் வன்மையை அந்த எண்களால்தான் சொல்கிறோம். அக்காலத்தவர் கடிதத்தில் கல்லை விவரித்தார்கள். கடிதம் பெற்றவர் தம் கையிலிருந்த கல்லோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். நம் வேலையும் அதே வேலைதான்.

தீவகம் ஏன் நல்ல களம்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே தீவகமும் மயோசீன் காலத்துக் கடலில் படிந்த சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. அதன் மேலும் கரையோரமும் மணல், மண், முருகைக்கல். நெடுந்தீவின் வேலிகளும் அங்குள்ள பழைய கோட்டையும் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் எழுந்தவை. கருங்கல் வகைப் பாறை தீவகத்தின் தரையில் எங்கும் வெளித்தெரிவதில்லை. அது மிக ஆழத்தில், சுண்ணக்கல்லுக்கு அடியில் கிடக்கிறது.

இதனால் ஆராய்பவருக்கு ஒரு வசதி உண்டு. தீவகத்தில் கண்ணாடியைக் கீறும் கருங்கல் ஒன்று கிடைத்தால், அது கடல் கடந்து வந்தது என்று உடனே சொல்லிவிடலாம். வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் கோயில் கருங்கல் தூண்களும் அப்படி வள்ளங்களிலும் கப்பல்களிலும் வந்தவையே. உள்ளூர்ச் சுண்ணக்கல்லில் மிளகாய் அரைத்தால் கல்லும் சேர்ந்து அரைபடும். ஆகவே அம்மிக்கு வெளியூர்க் கல்தான் வேண்டும்.

மூன்று கற்களை எடுத்துக்கொள்வோம்: நெடுந்தீவு வேலியிலிருந்து விழுந்த முருகைக்கல் துண்டு, ஊர்காவற்றுறையில் கிணறு வெட்டும்போது வெளிவந்த சுண்ணக்கல் துண்டு, நயினாதீவு வீட்டொன்றின் உடைந்த அம்மித் துண்டு. பதிவேட்டில் அம்மித் துண்டுக்கு ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “கறுப்புக் கல். பாரமானது. பழையது.” இந்த வரி என்னவாகிறது என்று பார்ப்போம்.

நிறமும் மினுக்கமும்

வெயிலிலும் மழையிலும் பல ஆண்டு கிடந்த சுண்ணக்கல்லின் மேற்புறம் பாசியும் பூஞ்சணமும் படிந்து கருஞ்சாம்பல் நிறமாகிவிடும். வேலியில் கிடக்கும் முருகைக்கல்லும் அப்படித்தான். சிறு சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டினால் உள்ளே வெள்ளையோ சந்தன மஞ்சளோ தெரியும். எனவே “கறுப்புக் கல்” என்ற சொல் நம் மூன்று கற்களுக்கும் பொருந்திவிடுகிறது. அது எதையும் பிரித்துக் காட்டவில்லை.

நிறத்தை எழுதும்போது இரண்டு நிறங்களை எழுத வேண்டும்: வெளிப்புற நிறம் ஒன்று, புதிதாக உடைந்த முகத்தின் நிறம் ஒன்று. கல் உலர்ந்திருந்ததா நனைந்திருந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். நனைந்த கல் எப்போதும் கருமை கூடித் தெரியும். பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் பார்ப்பது நல்லது. மஞ்சள் மின்குமிழின் கீழ் சாம்பல் நிறம் பழுப்பாகத் தோன்றும்.

மினுக்கம் என்பது ஒளி கல்லின் முகத்தில் பட்டுத் திரும்பும் விதம். உலோகம் போல, கண்ணாடி போல, முத்துப் போல, எண்ணெய் பூசியது போல, மண் போல மங்கலாக என்று அதை வகைப்படுத்துவார்கள். சுண்ணக்கல் பொதுவாக மங்கல். அதற்குள் ஓடும் கல்சைட்டுப் படிகங்கள் மட்டும் கண்ணாடி போல மினுங்கும். அம்மிக் கற்களுள் சார்னகைட்டு என்ற வகை உண்டு. அதன் புது உடைவு கரும்பச்சையும் பழுப்பும் கலந்து, எண்ணெய் தடவியது போலத் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல ஆண்டு தேங்காயும் மிளகாயும் அரைபட்ட அம்மியில் உண்மையான எண்ணெயே ஊறியிருக்கும். கோயில் கல்லிலும் அப்படித்தான். அந்த முகத்தைப் பார்த்து “எண்ணெய் மினுக்கம்” என்று எழுதினால், கல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை, சமையலைப் பற்றி எழுதிவிட்டோம் என்றுதான் பொருள். சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தி, அரைபடாத உடைவு முகத்தில்தான் மினுக்கத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரையில் எடுத்த கல்லின் மேல் உப்புப் பூத்திருக்கும். அதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வன்மை

வன்மை என்பது கீறலைத் தாங்கும் ஆற்றல். உடையாமல் இருப்பது வேறு, கீறல் படாமல் இருப்பது வேறு. வைரத்தையும் சுத்தியலால் உடைக்கலாம். அளவுகோல்கள் வீட்டிலேயே உண்டு. விரல் நகம் ஏறத்தாழ 2.5. செப்புக் கம்பி 3ஐ ஒட்டி. பேனாக் கத்தியும் யன்னல் கண்ணாடியும் 5.5 அளவில். இரும்பு அரம் 6.5.

முருகைக்கல்லின் கனியம் பெரும்பாலும் அரகனைட்டு, வன்மை 3.5 முதல் 4. சுண்ணக்கல்லின் கனியம் கல்சைட்டு, வன்மை 3. இரண்டையும் கத்தி எளிதாகக் கீறும், நகம் கீறாது. அம்மிக் கல்லில் பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கத்தி அதைக் கீறாது. அதன் கூர்முனை கண்ணாடியைக் கீறும். மூன்று கற்களுள் ஒன்றை இந்த ஒரே சோதனை பிரித்துவிட்டது. கறுப்புத் தோலுக்குள் இருப்பது சுண்ணமா கருங்கல்லா என்று நிறம் சொல்லாததைக் கத்தி அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது.

தவறு வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கல் கத்தியைவிட வன்மையானதாக இருந்தால் கத்தியின் இரும்பு கல்லில் தேய்ந்து சாம்பல் கோடு விழும். பார்ப்பவர் கல் கீறப்பட்டது என்று எண்ணிவிடுவார். ஈர விரலால் தேய்த்து நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் கீறல். பள்ளம் இல்லாமல் சாம்பல் தடம் மட்டும் இருந்தால் அது கத்தியின் இரும்பு.

இரண்டாவது, பொலபொலத்த சுண்ணக்கல்லில் மணிகள் ஒட்டாமல் உதிரும். நகம் பட்டாலும் பொடி விழும். அதை வைத்து வன்மை 2 என்று எழுதுவது பிழை. அங்கே அளக்கப்பட்டது மணிகளின் பிடிப்பு, கனியத்தின் வன்மை அல்ல. இறுகிய பகுதியைத் தேடிக் கீற வேண்டும்.

மூன்றாவது, சுண்ணக்கல்லுக்குள் கடல் மணலின் குவார்ட்ஸ் மணிகள் சிக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு மணி கண்ணாடியில் பட்டால் கோடு விழும். உடனே கல் முழுவதும் வன்மையானது என்று முடிவு செய்யக்கூடாது. வெவ்வேறு இடங்களில் சோதித்து, எல்லா இடத்திலும் ஒரே விடை வந்தால் மட்டுமே எழுத வேண்டும். அம்மி போன்ற பாறை பல கனியங்களின் கூட்டு என்பதால் அதற்கு ஒரே வன்மை எண் கொடுப்பதும் சரியல்ல. “வெளிர் மணிகள் கண்ணாடியைக் கீறுகின்றன, கரும் தகடுகளைக் கத்தி கீறுகிறது” என்று எழுதுவதே சரியான பதிவு.

கீற்று

கீற்று என்பது கனியத்தின் பொடியின் நிறம். மினுக்கமில்லாத வெள்ளைப் பீங்கானில் கல்லைத் தேய்த்தால் பொடி கோடாக விழும். பீங்கான் தட்டு இல்லையென்றால் சுவரில் பதிக்கும் வெள்ளை ஓட்டின் பின்புறம் போதும்.

நம் மூன்று கற்களுக்கும் கீற்று அதிகம் உதவாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் வெள்ளைக் கோடு விடும், வெள்ளை ஓட்டில் அது தெரிவதே கடினம். அம்மிக் கல் ஓட்டையே கீறிவிடும், விழும் வெள்ளைப் பொடி ஓட்டினுடையது. அப்படி நேர்ந்தால் “கீற்று வெள்ளை” என்று எழுதாமல் “தட்டைக் கீறுகிறது, கீற்று இல்லை” என்று எழுத வேண்டும்.

கீற்று உதவுவது உலோகச் சாயலும் கருநிறமும் உள்ள கனியங்களில். இரும்புக் கனியமான ஹெமடைட்டு பார்வைக்குச் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருக்கும், கீற்று செம்பழுப்பு. மக்னடைட்டும் கறுப்பு, அதன் கீற்றும் கறுப்பு. பொன் போல மினுங்கும் பைரைட்டின் கீற்று பச்சை கலந்த கறுப்பு, உண்மைப் பொன்னின் கீற்று மஞ்சள். போகலையிலும் கஹட்டகஹவிலும் எடுக்கப்படும் இலங்கையின் காரீயம் தாளிலேயே கறுப்பாக எழுதும். இத்தகைய கல் பெட்டியில் இருந்தால், படத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் கீற்று அதிகம் சொல்லும்.

எடை

“பாரமானது” என்று எழுதினால் அதில் பொருளில்லை. பெரிய கல் எல்லாம் பாரமானதுதான். வேண்டியது அதே கன அளவு தண்ணீரோடு ஒப்பிட்ட எடை, பாடப்புத்தகம் சாரடர்த்தி என்று சொல்வது. இதை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. சமையலறையில் மா நிறுக்கும் இலக்கத் தராசு போதும்.

முதலில் உலர்ந்த கல்லை நிறுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையும் சுவரையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் கிராம் அளவு, கல் விலக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடையை அதனால் வகுத்தால் விடை.

அம்மித் துண்டு 270 கிராம் என்று கொள்வோம். மூழ்கும்போது தராசு 100 காட்டுகிறது. சாரடர்த்தி 2.70. சுண்ணக்கல் துண்டு 260 கிராம். மூழ்கும்போது 102. விடை 2.55. முருகைக்கல் 150 கிராம். மூழ்கியதும் தராசில் எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது, கல்லிலிருந்து குமிழிகள் கிளம்புகின்றன. அதன் துளைகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது. குமிழி நிற்கும்வரை எந்த எண்ணையும் எழுதக்கூடாது.

அதை ஓரிரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் எடுத்து மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி நிறுத்தால் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. ஊறிய கல்லை மூழ்கவைத்தால் தராசு 103 காட்டுகிறது. இப்போது இரண்டு விடைகள் கிடைக்கின்றன. துளைகளோடு சேர்த்துக் கல்லின் சாரடர்த்தி, 150ஐ 103ஆல் வகுக்க, ஏறத்தாழ 1.46. துளைகளைக் கழித்தால் திண்மம் 53, சாரடர்த்தி 2.83. முதல் எண் கல் எவ்வளவு துளையுள்ளது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் அது எந்தக் கனியம் என்பதற்கு அருகில் போகிறது. தூய அரகனைட்டு 2.93. தண்ணீர் புகாத மூடிய துளைகள் இருப்பதாலும், பழைய முருகையில் அரகனைட்டு காலப்போக்கில் கல்சைட்டாக மாறுவதாலும் நம் எண் சற்றுக் குறைந்து நிற்கிறது.

தீவகத்தில் இன்னொரு கவனமும் வேண்டும்: எந்தத் தண்ணீர்? பல கிணறுகள் உவர். கடல் நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. அதே அம்மித் துண்டைக் கடல் நீரில் மூழ்கவைத்தால் தராசு 102.5 காட்டும், விடை 2.63 ஆகிவிடும். குவார்ட்ஸ் 2.65, கல்சைட்டு 2.71 என்று நெருங்கி நிற்கும் இடத்தில் இந்தப் பிழை சிறிதல்ல. மழைநீரில் அளக்க வேண்டும், எந்தத் தண்ணீர் என்பதையும் பதிவில் எழுத வேண்டும்.

இந்த நெருக்கத்திலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. அம்மியின் 2.70உம் கல்சைட்டின் 2.71உம் எடையால் பிரியாது. வன்மையால்தான் பிரியும். முருகையும் சுண்ணக்கல்லும் வன்மையால் தெளிவாகப் பிரியாது. எடையால்தான் பிரியும். ஒரு பண்பு கைவிடும் இடத்தில் மற்றது தாங்குகிறது. ஐந்தையும் எழுதச் சொல்வதன் காரணம் இதுதான்.

எல்லை எங்கே

இந்தப் பண்புகளால் மட்டும் தீர்க்கமுடியாத கேள்விகளும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம் கொண்ட ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராக அறிவோம். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர், இலங்கைக் கனிய அளவையின் முதல் இயக்குநர். 1904இல் பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக் கல் சரளையிலிருந்து, கறுப்பான, கனசதுர வடிவமான, கைக்கு வியப்பூட்டும் பாரமுள்ள கனியம் ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. புறப்பண்புகளைக் கொண்டு அதை யுரேனினைட்டு என்று கருதினார். இலண்டனில் இம்பீரியல் நிறுவனத்தின் விண்டம் டன்ஸ்டன் வேதிப் பகுப்பாய்வு செய்தபோது அதில் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. தோரியனைட்டு என்ற புதிய கனியம் உலகுக்கு அறிமுகமானது. அதன் சாரடர்த்தி 9ஐத் தாண்டக்கூடியது, சாதாரணக் கல்லைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அந்த எடைதான் அது சாதாரணக் கறுப்புக் கல் அல்ல என்று காட்டியது. ஆனால் நெருங்கிய உறவான இரண்டு கனியங்களைப் பிரிக்க எடையும் நிறமும் போதவில்லை, வேதியியல் வேண்டியிருந்தது.

அம்மிக்கும் அதே எல்லை உண்டு. கல்கத்தாவில் ஜோப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் தோமஸ் ஹொலண்ட் பெயரிட்ட பாறைதான் சார்னகைட்டு. சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் அது இருக்கிறது. இலங்கையிலும் இருக்கிறது. நயினாதீவு அம்மி எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதை நம் ஐந்து பண்புகள் சொல்லமாட்டா. அதற்கு மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நம் பதிவு கல்லைப் பெட்டிக்குள் அடையாளம் காட்டும், அதன் ஊரைச் சொல்லாது. அதை மீறி எழுதினால் அது ஊகம்.

பதிவு எப்படி இருக்க வேண்டும்

இப்போது “கறுப்புக் கல், பாரமானது, பழையது” என்ற வரியைத் திருத்தி எழுதுவோம்.

“அம்மித் துண்டு. வெளிப்புறம் கருஞ்சாம்பல், உலர்ந்த புது உடைவில் கரும்பச்சை கலந்த பழுப்பு. சவர்க்காரத்தில் கழுவிய உடைவு முகத்தில் எண்ணெய் மினுக்கம். வெளிர் மணிகள் வெவ்வேறு இடங்களில் கண்ணாடியைக் கீறின, கத்தி கீறவில்லை. ஓட்டைக் கீறுகிறது, கீற்று இல்லை. உலர் எடை 270 கிராம், மழைநீரில் விலக்கிய நீர் 100 கிராம், சாரடர்த்தி 2.70. தேசிக்காய்ப் புளியில் குமிழி இல்லை.”

கடைசி வரி ஐந்து பண்புகளுக்கு வெளியே நான் சேர்த்தது. சுண்ணக்கல்லின் பொடியில் தேசிக்காய்ப் புளி பட்டால் மெல்லக் குமிழி எழும், அம்மிக் கல்லில் எழாது. ஆனால் கல்வெட்டோ சிற்பமோ உள்ள கல்லில் புளியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். அங்கே நிறமும் மினுக்கமும் மட்டும் எழுதி, மற்றவை சோதிக்கப்படவில்லை என்று குறித்தால் போதும்.

தீவகத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அலுமாரியில் பெயரில்லாமல் கிடக்கும் கற்களை மாணவர்களிடம் கொடுங்கள். ஒரு கத்தி, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு ஓடு, ஒரு தராசு, ஒரு பாத்திரம் மழைநீர் இவை போதும். ஒரு குழு எழுதும் பதிவை மற்றக் குழுவிடம் கொடுத்து, அதை மட்டும் வாசித்து அந்தக் கல்லைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் பதிவு சரி. எடுக்கமுடியாவிட்டால் பதிவைத் திருத்தி மீண்டும் எழுதுங்கள். படம் ஒட்டுவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.